ஹோல்டில் நின்ற தெரு

இந்த வேலைக்கு என்னை எடுத்தபோது அவர்கள் முதலில் விசாரித்தது என் படிப்பை அல்ல, என் வீட்டுக் கதவை. வேலை செய்யும் அறைக்குத் தனியாகக் கதவு உண்டா, அதைச் சாத்தினால் வெளிச் சத்தம் உள்ளே வருமா, வேலை நேரத்தில் வேறு யாராவது அறைக்குள் வந்து போவார்களா என்று வரிசையாகக் கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் யோசிக்காமல் பதில் சொன்னேன். யாரும் வரமாட்டார்கள்.

பிறந்தது ஆத்தூர்ப் பக்கம். வாழ்க்கைப்பட்டது வெண்ணந்தூரில். என் வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று வண்டி எங்கே போகிறதோ அங்கே போவார். மழைக்காலத்தில் வண்டி திரும்பி வந்தால்தான் அவரும் வீட்டுக்கு வருவார். மாமனாரும் மாமியாரும் மூத்த மகனோடு சூரமங்கலத்தில் இருக்கிறார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஊரில் பேசுகிறவர்கள் போதும்.

அவர் தினமும் போன் செய்வார். அவர் பக்கம் கம்ப்ரஸர் இரைச்சல், என் பக்கம் தறிச் சத்தம். எங்கள் வீட்டைத் தவிரத் தெருவில் எல்லா வீட்டிலும் விசைத்தறி ஓடுகிறது.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"ஆச்சு."

அதற்கு மேல் கத்திப் பேச இருவருக்கும் தெம்பிருக்காது. வைத்துவிடுவோம்.

தெருவில் எனக்கு 'ஆத்தூர்க்காரி' என்று பெயர். வந்த புதிதில் நான் பேசுவதைக் கேட்டுப் பெண்கள் சிரித்தார்கள். ஒரு வார்த்தையில் 'ங்க' போட மறந்தால் மரியாதை தெரியாதவள், போட்டால் நடிக்கிறாள். கேலிதான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எனக்கு ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி. பேச்சைக் குறைத்தேன். பிறகு கதவைச் சாத்த ஒரு காரணம் வேண்டியிருந்தது. இந்த வேலை கிடைத்தது.

வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளர் சேவை. வாட்டர் ஃபில்டர், மிக்ஸி, கிரைண்டர், இண்டக்ஷன் அடுப்பு. எது ஓடாவிட்டாலும் எங்களிடம்தான் வருவார்கள். வீட்டிலிருந்தே வேலை என்றதும் ஏதோ நைட்டியோடு உட்கார்ந்து சம்பாதிக்கிற சுகம் என்று எண்ணிக்கொண்டேன். அவர்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தபோதுதான் ஒரு ஆபீஸையே வீட்டுக்குள் கட்டச் சொல்கிறார்கள் என்று புரிந்தது. எட்டு ஜிபி ராம் உள்ள லேப்டாப் வேண்டும். வைஃபை ஆகாது, மொபைல் ஹாட்ஸ்பாட் அறவே ஆகாது. பிராட்பேண்ட் பெட்டியிலிருந்து கேபிளை நேராக லேப்டாப்பில் செருக வேண்டும். வேகத்தைச் சோதித்து ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டும். கரண்ட் போனாலும் லைன் அறுந்துவிடாதபடி பெட்டிக்கு யூபிஎஸ் வேண்டும். மைக் வைத்த யூஎஸ்பி ஹெட்செட், கேமரா, எதிரில் வெறும் சுவர். மேஜைமேல் பேனாவும் பேப்பரும் கூடாது. வாடிக்கையாளரின் விவரத்தை யாரும் குறித்துக்கொள்ளக் கூடாதாம். அதே காரணத்துக்காக மொபைல் போன் அறைக்குள்ளேயே வரக் கூடாது. என் போன் பகல் முழுக்க சமையலறையில் அரிசி டப்பாமேல் கிடக்கும்.

மொழிக்கும் தனிச் சோதனை நடந்தது. தமிழில் பேசவும் படிக்கவும் டைப் அடிக்கவும் தெரிய வேண்டும். புகார்க் குறிப்பை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், ஏனென்றால் அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போகிற மெக்கானிக் எந்த மாநிலத்துக்காரராகவும் இருக்கலாம். பெரிய ஆங்கிலம் தேவையில்லை, தப்பில்லாத சின்ன ஆங்கிலம் போதும். இந்தி தெரிந்தால் நல்லது, எனக்குத் தெரியாது. பேச்சுத் தமிழைச் சோதித்த கம்பெனிக்காரம்மா, "எந்த ஊர்னே கண்டுபிடிக்க முடியாத தமிழ் உங்களுது, எங்களுக்கு இதான் வேணும்" என்றார். எந்த ஊரிலும் சேராத ஒருத்திக்கு அது பாராட்டு. வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதலில் சாட் பிரிவில் போட்டார்கள். திரையில் ஒரே சமயத்தில் மூன்று பேர். ஒருவர் 'thanni varala' என்று ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவார், ஒருவர் உடைந்த மிக்ஸி ஜாரின் படத்தை அனுப்பிவிட்டு மௌனமாக இருப்பார், ஒருவர் நேராகத் திட்டிலிருந்து ஆரம்பிப்பார். மூவருக்கும் பதில் தாமதிக்கக் கூடாது. 'உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறேன்' என்பது போன்ற வரிகள் முன்பே தயாராக இருக்கும். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். ஒரு நாளில் எத்தனை பேருடைய சிரமத்தைப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். சாயங்காலம் லாக்அவுட் செய்துவிட்டு வாயைத் திறந்தால், காலையிலிருந்து ஒரு சொல்கூடப் பேசாததால் தொண்டை கரகரக்கும். அடுப்படியில் நின்று சும்மாவேனும் எதையாவது சொல்லிப் பார்ப்பேன். "பால் பொங்கப் போகுது." கேட்க ஆளில்லை என்றாலும் பால் பொங்கத்தான் செய்தது.

தனிமையாக இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ரொம்பத் தனிமையாக இருந்தது.

பிறகு சாட் வேலைக்குத் தானாகவே பதில் சொல்லும் மென்பொருள் வந்தது. எங்கள் குழுவைக் கலைக்கிறோம், குரல் தேர்வில் தேறுகிறவர்கள் போன் பிரிவுக்கு மாறலாம், மற்றவர்களுக்கு இந்த மாதத்தோடு முடிகிறது என்று டீம் லீடர் குரூப்பில் போட்டார். கீழே எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். நானும் போட்டேன். போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய் வெறுந்தரையில் உட்கார்ந்தேன். சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வேலையும் போனால் காலையில் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை என்பதுதான் பயமாக இருந்தது. இன்னொரு ஆசையும் இருந்தது, சொன்னால் பைத்தியம் என்பீர்கள்: போன் என்றால் ஒரு மனுஷக் குரல் கேட்குமே. திட்டினாலும் குரல்தானே.

குரல் தேர்வு என்பது நாடகம் மாதிரி. கம்பெனியின் மதிப்பீட்டாளர் ஒருவர் வாடிக்கையாளராக நடித்துப் பேசுவார். வணக்கம் சொல்வதிலிருந்து விடைகொடுப்பது வரை எல்லாவற்றுக்கும் மதிப்பெண். முதல் வாய்ப்பில் நான் வணக்கம்தான் சொன்னேன்.

"மேடம், பக்கத்துல ரயில் போகுதுங்களா?" என்றார் அவர்.

"இல்ல சார், தறி."

"எப்ப முடியும்?"

"முடியாது சார்."

அந்த ஹெட்செட் மின்விசிறிச் சத்தத்தை வடிகட்டும், தெருநாய் குரைப்பதைக்கூட வடிகட்டும். ஆனால் என் அறைச் சுவரும் பக்கத்து வீட்டுப் பட்டறைச் சுவரும் ஒன்று. அந்தப் பக்கம் நான்கு தறி அடிக்கிற அடியில் என் மேஜைமேல் டம்ளரில் இருக்கும் தண்ணீர் நடுங்கும். 'பின்னணி இரைச்சல்: ஏற்கத்தக்கதல்ல' என்று எழுதி அனுப்பினார்கள். இன்னும் ஒரு வாய்ப்பு, அதுவே கடைசி. வேறு அறை பார்த்து பிராட்பேண்ட் லைனை மாற்ற அதற்குள் முடியாது. முதலில் இதைத் தாண்டுவோம், அறையைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, பக்கத்து வீட்டுப் படியை முதன்முறையாக ஒரு காரியத்துக்காக ஏறினேன்.

தறிக்காரம்மா அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் தறிய நிறுத்த முடியுமா? எனக்கு ஒரு பரீட்சை."

"என்ன பரீட்சை கண்ணு?"

"போன்ல பேசிக் காட்டணும். சத்தம் இருந்தா வேலை போயிடும்."

"பேசறதுக்குப் பரீட்சையா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். பேசாமடந்தை ஒருத்தி பேசிக் காட்டப் போகிறாள் என்ற ஆச்சரியம் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு கணவரிடம் போய் ஏதோ கேட்டுவிட்டு வந்தார். "செரி, நிறுத்திக்கலாம். நூல் விசயமா ராசிபுரம் போகோணும்னு அவரும் சொல்லீட்டிருந்தாரு. அந்நேரத்துக்கு நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்தர்றோம். நீ நல்லாப் பேசு."

இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்தேன்.

மறுநாள் காலையிலிருந்தே எனக்குக் கை கால் ஓடவில்லை. வாசல் தெளிக்கவில்லை. பால் பாக்கெட் வாசற்படியிலேயே கிடந்தது. வீட்டுக் கதவை உள்ளே தாழிட்டு, ஜன்னலில் போர்வையை மடித்துத் திணித்து, போனை அரிசி டப்பாமேல் வைத்துவிட்டு அறைக்குள் போய் அந்தக் கதவையும் சாத்திக்கொண்டேன். கேமராவில் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். ஆள் இல்லை, பேப்பர் இல்லை, போன் இல்லை. கேமராவை அணைத்துவிட்டு அழைப்புக்குக் காத்திருக்கச் சொன்னார்கள்.

பக்கத்துச் சுவரில் தறி நின்றது. டம்ளரில் தண்ணீர் அசையாமல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்த பட்டறையும் நின்றது போலிருந்தது, அப்புறம் எதிர்ச்சாரியிலும். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ஆகவே கரண்ட் போகவில்லை. எனக்கு இன்றைக்கு நல்ல நேரம் என்று எண்ணிக்கொண்டேன். அந்தத் தெருவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் கரண்ட் இருக்கும்போது அப்படி ஒரு அமைதியைப் பகலில் நான் கேட்டதே இல்லை.

அழைப்பு வந்தது.

"வணக்கம், வாடிக்கையாளர் சேவை மையத்திற்கு உங்களை வரவேற்கிறேன். நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"என்னத்த உதவுவீங்க? மூணு தடவ கம்ப்ளெய்ன்ட் குடுத்தாச்சு. ஃபில்டர்ல தண்ணி ஒழுகுது, ஒருத்தனும் வரல!"

நடிப்புதான். ஆனாலும் நன்றாகவே கோபப்பட்டார். அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பதிவு செய்த எண்ணைக் கேட்டேன், பின்கோடைக் கேட்டுச் சரிபார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே தேடினேன், ஏனென்றால் நடுவில் பேச்சில்லாமல் விட்டால் மதிப்பெண் போகும். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வீட்டுக் கதவு தட்டப்படும் சத்தம் மெல்லக் கேட்டது.

கூரியர்காரர் போலும், போய்விடுவார் என்று விட்டேன். போகவில்லை. சமையலறையில் என் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. கதவுத் தட்டல் இடியாக மாறியது. ஒரு பெண் ஓங்கி அழுகிற குரல். அது ஒப்பாரி என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. யாரோ, "கடப்பாரையக் கொண்டாடா!" என்று கத்தினார்கள்.

அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா? ரிக் வண்டியில் ஏதாவதா? அந்த நொடியிலும் வாய் மட்டும் பழகியதைச் சொன்னது.

"உங்கள் புகாரின் நிலையைச் சரிபார்க்க எனக்கு இரண்டு நிமிடம் தேவைப்படுகிறது, சார். தயவுசெய்து லைனில் காத்திருக்க முடியுமா?"

"சீக்கிரம் பாருங்கம்மா."

"நன்றி சார்." ஹோல்டை அழுத்தினேன். ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன்.

தாழ்ப்பாளை எடுத்ததுதான் தாமதம், கதவோடு சேர்ந்து ஒரு கூட்டமே உள்ளே விழுந்தது. முதலில் என்மேல் விழுந்தவர் தெருக்கோடியில் ஜாக்கெட் தைக்கிற அக்கா. கழுத்தில் அளவு டேப் தொங்கியது. என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார்.

"சாமீ! இருக்கறயா சாமீ! உசுரோட இருக்கறயா!"

"என்னாச்சு அக்கா? அவருக்கு என்னா?"

"அவனுக்கு ஒண்ணுமில்ல. நீதான் செத்துப்போயிட்டீன்னு நெனச்சோம்!"

பின்னால் பஞ்சு ஒட்டிய தலைகளோடு தெரு முழுக்க நின்றது. ஒருவர் கையில் நிஜமாகவே கடப்பாரை. பல நாளாக என்னோடு பேசியிராத பெண்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒருத்தி என் கையைத் தேய்த்துவிட்டாள், எனக்குக் குளிரவில்லை என்றாலும். அவர் ஊரைவிட்டுப் போனதிலிருந்து என்னை யாரும் தொட்டதில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அக்கா, கஸ்டமர் லைன்ல இருக்காரு! யாரும் சத்தம் போடாதீங்க. என் வேலை போயிடும்!"

இதைப் போன்ற அபத்தத்தை அந்தத் தெரு கேட்டிருக்காது. ஆனால் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஜாக்கெட் தைக்கிற அக்கா திரும்பி உதட்டில் விரல் வைத்தார். அவ்வளவுதான். அத்தனை பேரும் கூடத்திலும் வாசலிலும் நின்றபடி நின்றார்கள். கடப்பாரையை ஓசை வராமல் சுவரில் சாய்த்தார்கள். அக்கா மட்டும் என் கையை விடவில்லை. அறைக்குள்ளும் கூடவே வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். அறையில் வேறு ஆள் இருந்தால் தேர்வு ரத்து. எழுந்து போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"காத்திருந்தமைக்கு நன்றி, சார்."

"ரெண்டு நிமிஷம்னு சொன்னீங்க, பாத்தீங்களா இல்லையா?"

"பார்த்தேன் சார். உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. கூப்பிட்டுக் கூப்பிட்டு யாருமே வரவில்லை என்றால் எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்."

எழுதி வைத்த வரி முதல் பாதி மட்டும்தான். மீதி எங்கிருந்து வந்ததோ, சொல்லும்போது என் குரல் உடைந்தது. மறுமுனையில் அவர் ஒரு கணம் நடிக்க மறந்தது தெரிந்தது. பிறகு சமாளித்துக்கொண்டு, "சரி, எப்ப வருவாங்க?" என்றார். மறுநாள் காலையில் மெக்கானிக் வருவார் என்று சொல்லி, புகார் எண்ணைக் கொடுத்து, வேறு ஏதேனும் உதவி தேவையா என்று கேட்டு, அழைத்ததற்கு நன்றி சொல்லி முடித்தேன். கூடத்தில் யாரோ இருமலை விழுங்கினார்கள்.

லைன் துண்டிக்கப்பட்டதை உறுதி செய்துகொண்டு ஹெட்செட்டைக் கழற்றினேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, இத்தன நல்லாப் பேசுவியா நீ? எங்ககிட்ட ஒரு நாளாச்சும் இப்படிப் பேசியிருக்கறயா?"

'நீங்கள் கேலி செய்தீர்களே' என்று சொல்லியிருக்கலாம். தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்திருப்பவரிடம் அதை எப்படிச் சொல்வது?

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. எங்கள் தெருவில் கரண்ட் இருக்கும்போது பட்டப்பகலில் ஒரு பட்டறை நின்றால் சாவு என்று பொருள். பக்கத்து வீட்டில் சாவு என்றால் முதலில் அந்தச் சுவரை ஒட்டிய தறியை நிறுத்துவார்கள். கேள்விப்பட்டவர்கள் ஒவ்வொருவராக நிறுத்துவார்கள். பிணத்தை எடுக்கும்வரை ஓட்டமாட்டார்கள். தறிக்காரம்மாவும் கணவரும் பட்டறையைப் பூட்டிக்கொண்டு ராசிபுரம் போய்விட்டார்கள், விசாரிக்க ஆளில்லை. என் வாசலில் தண்ணீர் தெளிக்கவில்லை, பால் பாக்கெட் கிடக்கிறது, உள்ளே போன் அடிக்கிறது, எடுக்க ஆளில்லை, கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. தனியாக இருக்கிற பெண் வேறு. கூட்டிக் கழித்துப் பார்த்து அழவே ஆரம்பித்துவிட்டார்கள். ஆத்தூரில் அரிசி ஆலை எந்த நேரத்தில் நின்றாலும் எங்களுக்கு அது பெல்ட் அறுந்த செய்திதான். நான் வந்த பிறகு தெருவில் சாவு எதுவும் விழுந்ததில்லை, இந்த வழக்கம் எனக்கு எப்படித் தெரியும்?

"அவருக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "கதவு தொறக்கலீன்னு மட்டுந்தான் சொன்னேன்."

சமையலறைக்கு ஓடி போனை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். அவர் பக்கம் கம்ப்ரஸர் சத்தம் இல்லை. வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். என் பக்கம் தறிச் சத்தம் இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் எந்த இரைச்சலும் இல்லாமல் நாங்கள் போனில் பேசியது அதுதான் முதல் தடவை. பேசியது என்றா சொன்னேன்? அவர் மூச்சு விடுவது மட்டும்தான் கேட்டது. மூக்கை உறிஞ்சினார்.

"ஒண்ணுமில்லங்க. நான் நல்லா இருக்கேன்."

பிறகு, "சாப்ட்டியா?" என்றார்.

"இல்ல," என்றேன். அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன்.

"போன வெக்காத. அப்படியே இரு," என்றார். அப்படியே இருந்தேன்.

ராசிபுரத்திலிருந்து திரும்பிய தறிக்காரம்மா, என் வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் வண்டியிலிருந்து குதித்து, "ஐயோ, நேத்துத்தான என்ற ஊட்டுக்கு வந்து பேசினா!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். கதவருகே போனும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து அப்படியே நின்றார். அப்போது தொடங்கிய சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. எல்லோருமாகச் சேர்ந்து அவரைத் திட்டினார்கள். சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்று. நூல் நினைப்பில் அது தோன்றவே இல்லை என்றார். யாரோ என் வாசலில் தண்ணீர் தெளித்தார்கள். பாக்கெட்டில் பால் திரிந்திருந்தது. பக்கத்துத் தறி முதலில் ஓடத் தொடங்கியது, பிறகு அடுத்தது, பிறகு எதிர்ச்சாரி. டம்ளரில் தண்ணீர் மறுபடி நடுங்கியது.

தேறிவிட்டேன். மதிப்பீட்டுத் தாளில், 'பின்னணி இரைச்சல்: இல்லை' என்று இருந்தது. வீட்டுக் கதவும் அறைக் கதவும் நடுவில் இருந்ததால் அந்த ஒப்பாரி மைக்குக்கு எட்டவில்லை போலிருக்கிறது. கொஞ்சநஞ்சம் எட்டியதை ஹெட்செட் வடிகட்டியிருக்கும். 'வாடிக்கையாளரின் உணர்வைப் புரிந்துகொள்ளுதல்: மிக நன்று. ஹோல்ட் நடைமுறை: முழு மதிப்பெண்.'

ஜாக்கெட் தைக்கிற அக்காவின் மாடி அறைக்கு பிராட்பேண்ட் லைனை மாற்றிக்கொண்டேன். அங்கே கீழே தையல் மெஷின் ஒன்றுதான். பின்பக்கம் மரவள்ளிக் காடு. காலையில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு தெரு வழியாக நடந்து போகிறேன். "செத்தவ வேலைக்குப் போறா பாரு," என்று தறிக்காரம்மா குரல் கொடுப்பார். நானும் இப்போது திருப்பி ஏதாவது சொல்கிறேன்.

அதோடு என் தனிமை தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். தீரவில்லை. அன்றைக்கு வந்த தெரு மறுநாள் அவரவர் தறிக்குப் போய்விட்டது, போகத்தானே வேண்டும். அவர் இன்னும் ராஜஸ்தானில் இருக்கிறார். நான் நாள் முழுக்கப் பேசுகிறேன். எத்தனையோ குரல்கள் தங்கள் வீட்டில் தண்ணீர் ஒழுகுவதைச் சொல்கின்றன. நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு குரலும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. சாயங்காலம் கதவைத் திறந்து விளக்கைப் போடுகிறவளும் நான்தான்.

என் தேர்வு அழைப்பைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மாதிரியாகப் போட்டுக் காட்டுகிறார்கள். போன வாரம் பயிற்சியில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். என் குரல் காத்திருக்கச் சொல்கிறது. ஹோல்ட் இசை ஓடுகிறது. பிறகு என் குரல் காத்திருந்தமைக்கு நன்றி சொல்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள்: "மேடம், அந்த ரெண்டு நிமிஷத்துல என்ன செக் பண்ணுனீங்க?"

"புகாரோட நிலவரம்," என்றேன். பயிற்சியில் வேறு எதைச் சொல்ல முடியும்?

பயிற்சி வகுப்பு திறந்திருக்கும்வரை அந்தப் பதிவு எனக்கும் கிடைக்கும். மத்தியானம் மாடியில் தனியாகச் சாப்பிடும்போது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அதைப் போடுவேன். என் பேச்சையெல்லாம் தள்ளிவிட்டு நேராக ஹோல்ட் இசைக்குப் போய்விடுவேன். யார் கேட்டாலும் அது வெறும் இசைதான். எனக்கு மட்டும் தெரியும், அதற்குள் என் தெரு முழுக்க நின்று எனக்காக அழுதுகொண்டிருக்கிறது. முடிகிறவரை கேட்டுவிட்டு, கை கழுவி, அடுத்த அழைப்பை எடுப்பேன்.